ஜெனரேட்டிவ் ஃபில்லில் சேர்க்கும் பொருள் படத்தோடு ஒட்ட வேண்டுமானால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் குடியிருப்பாளர் குழுவுக்கு நோட்டீஸ் படங்கள் செய்து கொடுக்கிறேன். பொங்கல் வருவதற்கு முன்னாலேயே கீழ்த்தளத்தைப் படம் எடுத்து, ஃபோட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் வசதியிடம் எழுதிக் கேட்டு, அதில் பானையும் கரும்பும் வைத்து அழைப்பிதழ் செய்யப் பலர் முயல்கிறார்கள். பொருள் அழகாக வந்துவிடுகிறது, ஆனால் அந்த இடத்தில் இருப்பதுபோல் தெரிவதில்லை. அது ஏன் என்று என்னிடம் கேட்டவர்களின் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே படம்தான் உதாரணம்: கல் மேசை, தூண்கள், தரை ஓடுகள் உள்ள ஒரு புளோக்கின் கீழ்த்தளம். கையில் ஃபோனைப் பிடித்து நின்றபடி எடுத்தது, 4000க்கு 3000 பிக்சல்.

முதல்ல, இதை எங்கே போய் எழுதணும்?

ஃபோட்டோஷாப்பில் பொருள் வரவேண்டிய இடத்தைச் செலக்‌ஷன் கருவியால் வளைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பட்டையில் `Generative Fill` என்பதை அழுத்தி, என்ன வேண்டும் என்று எழுதி `Generate` கொடுங்கள். மூன்று மாதிரிகள் வரும். அவை தனி லேயரில் இருப்பதால் மூலப் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

"பெரிய பானை"ன்னு எழுதினேன், "அரை மீட்டர்"னுகூட எழுதிப் பாத்தேன். அளவு மாறவே மாட்டேங்குது?

அளவை முடிவு செய்வது நீங்கள் எழுதும் ப்ராம்ப்ட் அல்ல, நீங்கள் வளைத்த செலக்‌ஷன். கொடுத்த இடத்தை முடிந்தவரை நிரப்பத்தான் படத்தை உருவாக்கும் மாடல் பார்க்கும். பெரிய கட்டம் போட்டால் பெரிய பானை வரும், சின்னக் கட்டம் போட்டால் சின்னப் பானை வரும். உங்கள் படத்தில் ஒரு மீட்டர் என்பது எத்தனை பிக்சல் என்று அதற்குத் தெரியாது. அதனால் "அரை மீட்டர்" என்ற சொல்லைப் பொருத்திப் பார்க்க அதனிடம் அளவுகோல் இல்லை. "பெரிய" என்று எழுதினால் தடித்த, வயிறு பருத்த பானை வரலாம். அது வடிவம்தான், அளவு அல்ல.

இந்த வேலையை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். எவ்வளவு பெரியது, எங்கே நிற்கிறது என்பதைச் செலக்‌ஷனிடம் கொடுத்துவிடுவேன். எந்தப் பக்கம் தெரிகிறது, எதன் மேல் இருக்கிறது, வெளிச்சம் எப்படி என்பதை ப்ராம்ப்ட்டிடம் கொடுப்பேன். இரண்டையும் மாற்றிக் கேட்கும்போதுதான் பெரும்பாலும் தப்பு வருகிறது.

சரி, அப்போ எவ்வளவு பெரிய கட்டம் போடணும்னு எப்படித் தெரியும்? கண் மதிப்புல போட்டா தப்பாயிடுது.

கண் மதிப்பு வேண்டாம், ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் கண்மட்டக் கோடு என்று ஒன்று உண்டு. கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்ததோ, அதே உயரத்தில் உள்ள எல்லாமே, பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், அந்தக் கோட்டில்தான் வந்து சேரும். அப்படியானால் தரையில் ஒரு புள்ளியைத் தொட்டு, அங்கிருந்து கண்மட்டக் கோடு வரை நேராக அளந்தால், அந்த நீளம்தான் அந்த இடத்தில் கேமராவின் உயரம். அதை வைத்து வேறு எந்த உயரத்தையும் சொல்லிவிடலாம்.

```
பொருளின் உயரம் (பிக்சல்) =
நிஜ உயரம் ÷ கேமரா உயரம் × (அடி வரிசை − கண்மட்ட வரிசை)
```

வரிசை என்பது படத்தின் மேல் விளிம்பிலிருந்து எண்ணும் பிக்சல். நம் படத்தில் கண்மட்டக் கோடு 1300ஆம் வரிசை, ஃபோன் இருந்த உயரம் 1.5 மீட்டர். பானை நிற்க வேண்டிய தரை 2500ஆம் வரிசையில் இருக்கிறது. இடையில் 1200 பிக்சல், அதாவது 1.5 மீட்டர். ஆகவே அந்த இடத்தில் ஒரு மீட்டருக்கு 800 பிக்சல். செங்கல்லோடு சேர்த்துப் பானை அரை மீட்டர் என்றால் 400 பிக்சல் உயரம் போதும். செவ்வகச் செலக்‌ஷன் கருவியில் `Fixed Size` என்று வைத்து அந்த எண்ணை அப்படியே தட்டிவிடலாம்.

கண் மதிப்பில் போட்டவர்கள் இதே இடத்தில் 700, 800 பிக்சலுக்குக் கட்டம் போட்டிருந்தார்கள். அப்படி வந்த பானை இடுப்பளவு உயரம். பக்கத்தில் கல் மேசை இல்லாவிட்டால் தெரிந்திருக்காது. மேசை இருந்ததால் பார்த்தவுடனேயே உறுத்தியது.

கடற்கரைன்னா அடிவானம் தெரியும். புளோக் கீழ்த்தளத்துல சுவரும் தூணும்தானே இருக்கு, கோட்டை எங்கேன்னு கண்டுபிடிக்கிறது?

கீழ்த்தளம் இதற்கு நல்ல இடம். தரை ஓடுகளின் கோடுகளும் கூரையில் ஓடும் உத்தரங்களும் நிஜத்தில் ஒன்றுக்கொன்று இணையானவை. உள்நோக்கிப் போகும் இரண்டு ஓட்டுக் கோடுகளைக் கோட்டுக் கருவியால் நீட்டிப் பாருங்கள். அவை சந்திக்கும் புள்ளி கண்மட்டத்தில்தான் இருக்கும். கூரை உத்தரத்தின் விளிம்பையும் நீட்டி அதே புள்ளிக்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் நம்பிக்கை வரும். பிறகு `Ctrl+R` அழுத்தி அளவுகோலை வரவழைத்து (மேக் என்றால் `Cmd+R`), அதிலிருந்து ஒரு வழிகாட்டிக் கோட்டை இழுத்து அந்தப் புள்ளியில் நிறுத்துங்கள். வேலை முடியும் வரை அதை அழிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கண்மட்டம் படத்தின் நடுவில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் படத்தின் நடு 1500ஆம் வரிசை, கண்மட்டமோ 1300. ஃபோன் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்ததால் கோடு மேலே போய்விட்டது.

ஃபோனை எவ்வளவு உயரத்துல பிடிச்சேன்னு ஞாபகமே இல்லையே?

உயரம் தெரிந்த ஏதாவது ஒன்று படத்தில் இருந்தால் போதும், அதே கணக்கைத் திருப்பிப் போடலாம். நம் கல் மேசையின் கால் தரையைத் தொடுவது 2000ஆம் வரிசை, மேசைப் பலகை 1650ஆம் வரிசை. ஆக மேசை 350 பிக்சல். அதன் அடியிலிருந்து கண்மட்டம் வரை 700 பிக்சல், அதாவது மேசையைப் போல் இரண்டு மடங்கு. கீழே போய் மேசையை டேப்பால் அளந்தேன், 75 சென்டிமீட்டர். எனவே கேமரா 1.5 மீட்டர்.

அளக்க வழியில்லை என்றால் தோராயமாக ஒரு வழி உண்டு. நின்று, ஃபோனை முகத்துக்கு எதிரே பிடித்து எடுத்திருந்தால் உங்கள் உயரத்தில் 15 சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தப்பினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் குந்தி எடுத்த படத்தை நின்று எடுத்தது என்று நினைத்துக் கணக்குப் போட்டால் எல்லாமே கெட்டுவிடும்.

அளவு இப்போ சரியா வருது. ஆனா பானை மட்டும் வேற யாரோ வேற இடத்துல நின்னு எடுத்த மாதிரி இருக்கே?

பானையின் வாயைப் பாருங்கள், விடை அங்கே இருக்கிறது. வட்டமான வாய் படத்தில் நீள்வட்டமாகத் தெரியும். கண்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு அகலமாகத் திறந்து தெரியும். கண்மட்டத்துக்கு அருகே போகப் போக ஒடுங்கி, அந்தக் கோட்டிலேயே இருந்தால் வெறும் கோடாகிவிடும். நம் பானையின் வாய் 2100ஆம் வரிசையில், கண்மட்டத்துக்கு 800 பிக்சல் கீழே இருக்கிறது. சாதாரண ஃபோன் லென்ஸில் இதற்கு நீள்வட்டத்தின் உயரம் அகலத்தில் சுமார் நாலில் ஒரு பங்கு இருக்க வேண்டும். வாய் 200 பிக்சல் அகலம் என்றால் 50 பிக்சல் உயரம்.

வெறும் "clay pot" என்று எழுதினால் விளம்பரப் படங்களில் வருவதுபோல நேர் எதிரே வைத்துப் பிடித்த பானைதான் எனக்கு அதிகம் வந்தது. வாய் கோடாக இருந்தது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அதற்காக "from above" என்று மட்டும் எழுதினால் நேர் மேலிருந்து பார்த்ததுபோல் வாய் முழு வட்டமாக வந்துவிடும். கோணத்தைப் பெயரால் சொல்வதைவிட, அந்தக் கோணத்தில் கண்ணுக்கு என்ன தெரியும் என்று எழுதுவதுதான் எனக்கு அதிகம் உதவியது.

```
round clay pot on three red bricks, seen from
slightly above, rim visible as a narrow ellipse,
standing on grey floor tiles, soft daylight from left
```

நீள்வட்டம் அதிகம் திறந்திருந்தால் "slightly" என்பதற்குப் பதில் "very slightly" போடுங்கள். போதிய அளவு திறக்காவிட்டால் "inside of the pot partly visible" என்று சேருங்கள். நாற்காலி, பெட்டி போன்ற மூலையுள்ள பொருளாக இருந்தால் எந்த இரண்டு பக்கங்கள் தெரிகின்றன என்று சொல்ல வேண்டும். "three-quarter view, front and left side visible" என்பது பெரும்பாலும் வேலை செய்கிறது. வந்த பிறகு அதன் விளிம்புகளை நீட்டிப் பாருங்கள். பொருள் தரை ஓடுகளுக்கு இணையாக இருக்கிறதென்றால், உள்நோக்கிப் போகும் விளிம்புகள் ஓட்டுக் கோடுகள் போகும் அதே புள்ளிக்குப் போக வேண்டும்.

"Add a pot in correct perspective, realistic scale"ன்னு எழுதினா தானே சரியா செய்யாதா?

எனக்கு ஒருமுறைகூட அது உதவியதில்லை. ஜெனரேட்டிவ் ஃபில்லை இயக்கும் ஃபயர்ஃபிளை மாடலுக்கு எழுதுவது கட்டளை அல்ல, வர்ணனை. முடிந்த படத்தின் அந்த மூலையைப் பார்த்து ஒருவர் விவரிப்பதுபோல எழுத வேண்டும். "Add", "create", "make" போன்ற சொற்கள் எதையும் வர்ணிக்கவில்லை. "Correct perspective" என்பதும் அப்படித்தான். சரியான பெர்ஸ்பெக்டிவ் உள்ள பானைக்கு என்று தனித் தோற்றம் கிடையாது. சுற்றியுள்ள படத்தைப் பார்த்து மாடல் ஓரளவு ஊகிக்கும், மீதியை முந்தின பதிலில் சொன்னபடி நாம்தான் சொல்ல வேண்டும்.

எந்த வரிசையில் எழுதுவது என்று கேட்டால், பொருள், அதன் வடிவம், தெரியும் பக்கம், எதன் மேல் நிற்கிறது, வெளிச்சம். இதற்கு மேல் நீட்டினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. "Pongal pot" என்று எழுதியபோது எனக்குச் சோறு நிறைந்த கிண்ணம் வந்தது. பெயரை விட்டுவிட்டு வயிறு, கழுத்து, விளிம்பு என்று வடிவத்தைச் சொன்ன பிறகுதான் நம் பானை வந்தது.

தமிழ்ல எழுதக்கூடாதா?

எழுதலாம், பல மொழிகளை அது ஏற்கிறது. ஆனால் "three-quarter view" போன்ற படப்பிடிப்புச் சொற்களுக்குத் தமிழில் எல்லாருக்கும் பழகிய ஒரே சொல் இல்லை. அதனால் கோணம் முக்கியமான இடத்தில் நான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன்.

பானை தரையில நிக்காம மிதக்குற மாதிரி இருக்கு, ஏன்?

நிழல் விழ இடம் கொடுக்கவில்லை. பானையின் உயரத்துக்கு அளந்து கட்டம் போட்டோம் அல்லவா, அதன் கீழ் விளிம்பு பானையின் அடியோடு முடிந்துவிடுகிறது. தரையில் நிழல் வரைய மாடலுக்கு ஒரு பிக்சல்கூட மிச்சமில்லை. அதற்காகக் கட்டத்தையே பெரிதாக்கினால் பானையும் பெரிதாகிவிடும். ஆகவே செவ்வகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, `Shift` பிடித்தபடி லாஸோவால் அதன் அடியில் ஒரு தட்டையான நாக்குபோல் தரையைச் சேர்த்து வளையுங்கள். நிழல் விழ வேண்டிய பக்கம் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். தட்டையாக இருப்பதால் பானை அங்கே வளர முடியாது, நிழலுக்கு மட்டும் உதவும். ப்ராம்ப்ட்டில் "soft contact shadow on the floor" என்று சேருங்கள்.

நிழலின் திசையும் நீளமும் படத்தில் ஏற்கெனவே இருக்கும் பொருள்களோடு ஒத்துப்போக வேண்டும். கீழ்த்தளத்துக்குள் வெளிச்சம் திறந்த பக்கங்களிலிருந்து பரவலாக வருகிறது, எனவே மங்கலான நிழல்தான் சரி. வெளியே, தேக்காவில் கேம்பல் லேன் போன்ற இடத்தில் எடுத்த படம் என்றால் விஷயம் வேறு. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வெகு அருகில் இருக்கிறது. சூரியன் உச்சிக்கு வருவதும் இங்கே 12 மணிக்கல்ல, ஒரு மணியை ஒட்டித்தான். அந்த நேரத்துப் படத்தில் நிழல் பொருளின் காலடியிலேயே குறுகிக் கிடக்கும். மாடல் நீளமான சாய்ந்த நிழல் போட்டால் "short shadow directly beneath, overhead sun" என்று எழுதித் திருத்துங்கள்.

ஆள் சேர்க்கும்போதும் இதே கணக்குதானா?

அதே கணக்குதான், ஆனால் ஆளுக்கு எண்ணே தேவையில்லை. கேமரா 1.5 மீட்டரில் இருந்தால், அதே தரையில் நிற்கும் 1.7 மீட்டர் பெரியவர் ஒவ்வொருவருக்கும் கண்மட்டக் கோடு தாடையை ஒட்டிப் போகும். முன்னால் நின்றாலும், கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றாலும் அப்படியே. எனவே காலடி எங்கே என்று முடிவு செய்துவிட்டு, கோடு தாடையில் படும்படி கட்டத்தை மேலே இழுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தவரின் தலை முழுவதும் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளும் அப்படித்தான்.

தூரத்தில் நிற்பவரின் தலை கோட்டுக்கு ரொம்பக் கீழே போய்விட்டால் அவர் பள்ளத்தில் நிற்பதுபோல் தெரியும். இதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. "தூரத்தில் இருப்பவர் சின்னதாகத் தெரிவார்" என்று நினைத்துத் தலையை இறக்கிவிடுகிறார்கள். உண்மையில் காலடிதான் மேலே ஏறி வரும், தலை கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும்.

பானை, கரும்பு, கோலம் எல்லாத்தையும் ஒரே ப்ராம்ப்ட்ல கேட்டா நேரம் மிச்சமாகுமே?

ஒரே கட்டத்தில் மூன்று பொருள் கேட்டால் அவற்றுக்குள் யார் எவ்வளவு பெரியவர் என்பதை மாடல் முடிவு செய்யும். நம் கணக்கு அங்கே செல்லாது. தனித்தனியாகக் கேளுங்கள், பின்னால் இருப்பதை முதலில். தூணில் சாய்த்த கரும்பு, பிறகு பானை, கடைசியில் அதற்கு முன்னால் கோலம். இப்படிச் செய்தால் பானையின் ஓரம் கரும்பை இயல்பாக மறைக்கும்.

கோலம் தனிக் கவனம் கேட்கிறது. அது தரையில் படுத்திருக்கும் வட்டம், எனவே செலக்‌ஷனே தட்டையான நீள்வட்டமாக இருக்க வேண்டும். சதுரக் கட்டம் போட்டால் கோலம் எழுந்து நிற்கும். பானை வாயைவிட இது கண்மட்டத்துக்கு இன்னும் கீழே இருப்பதால் அதைவிடக் கொஞ்சம் திறந்த நீள்வட்டம், அகலத்தில் சுமார் பத்தில் நான்கு பங்கு.

கரும்பு மட்டும் மங்கலா, குழைஞ்ச மாதிரி வருது?

கரும்பை 2200ஆம் வரிசையில் நிறுத்துகிறோம். அங்கே 900 பிக்சல் என்பது 1.5 மீட்டர், ஒரு மீட்டருக்கு 600. கரும்பு 2.4 மீட்டர் என்றால் 1440 பிக்சல் உயரக் கட்டம். ஆரம்ப கால ஃபயர்ஃபிளை மாடல் 1024 பிக்சல் பக்கம் வரைதான் உருவாக்கி, மீதியை இழுத்து நிரப்பியது. புதியவற்றில் இது தேறியிருக்கிறது, ஆனாலும் பெரிய கட்டம் சின்னக் கட்டத்தைவிட மென்மையாகத்தான் வருகிறது.

அடிப்பாதியை முதலில் செய்யுங்கள். பிறகு அதன் மேல் நுனியில் நூறு, நூற்றைம்பது பிக்சல் உள்ளே வரும்படி அடுத்த கட்டம் போட்டு, அதே ப்ராம்ப்ட்டோடு "continuing upward, long green leaves at the top" என்று சேருங்கள். கணுக்கள் ஒட்டுமிடத்தில் தண்டின் தடிமன் மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாவது மாடியிலேர்ந்து கீழே பாத்து எடுத்த படத்துக்கு இந்தக் கணக்கு வருமா?

வராது. கேமராவைப் பலமாகச் சாய்த்தால் தூண்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாயத் தொடங்கும். அப்போது உயரத்தை நேராக அளந்தால் தப்பான எண்தான் கிடைக்கும். தூண்கள் நேராக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். லேசான சாய்வு பரவாயில்லை, நம் படத்திலேயே கொஞ்சம் இருக்கிறது. பலத்த சாய்வு என்றால், நீங்கள் வைக்கப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள தெரிந்த பொருளோடு நேராக ஒப்பிட்டு அளவு எடுங்கள். ப்ராம்ப்ட்டில் "high angle view, looking down" கட்டாயம் வேண்டும்.

ஃபோனின் 0.5 லென்ஸில் எடுத்த படத்தில் ஓரங்கள் இழுபட்டிருக்கும். நடுப்பகுதியில் மட்டும் பொருள் வையுங்கள்.

பேனர்ல "பொங்கல் வாழ்த்துகள்"னு வர வைக்க முடியுமா?

எழுத்தை மாடலிடம் விடாதீர்கள், தமிழ் எழுத்துகள் சிதைந்துதான் எனக்கு வந்திருக்கின்றன. "blank white cloth banner" என்று வெற்றுப் பேனரைக் கேளுங்கள். எழுத்தைத் தனி லேயரில் தட்டி, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக மாற்றி, `Distort` வைத்து நான்கு மூலைகளையும் பேனரின் மூலைகளில் பொருத்துங்கள். பேனர் உள்நோக்கிப் போகும் ஓட்டுக் கோடுகளுக்கு இணையாகத் தொங்குகிறதென்றால், அதன் மேல், கீழ் விளிம்புகளும் அந்தக் கோடுகள் சந்திக்கும் புள்ளியை நோக்கியே போகிறதா என்று முதலில் சரிபார்த்துக்கொண்டால் எழுத்து தானாகவே ஒட்டும்.

மூணு மாதிரியும் சரியில்லன்னா எதை மாத்தணும், ப்ராம்ப்ட்டையா கட்டத்தையா?

மூன்றிலும் தப்பு ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுமே பெரிதாக இருந்தால் அல்லது மிதந்தால் கட்டத்தை மாற்றுங்கள், ப்ராம்ப்ட்டைத் தொடவே வேண்டாம். மூன்றிலும் வாய் கோடாக இருந்தால் கோணச் சொல்லை மட்டும் மாற்றுங்கள். ஒன்று சரியாகவும் இரண்டு தப்பாகவும் இருந்தால் எதையும் மாற்றாமல் இன்னொரு முறை `Generate` கொடுத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, அடுத்த பொருளுக்கு மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.